புதுப்பிப்பு: தமிழ் டப்பிங் உதடோடு ஒட்டாத கதை

என் பழைய கேள்வி: "20 நிமிட இந்திக் குறும்படம். தமிழ் டிராக் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக முந்திக்கொள்கிறது. ஏன்?"

டிராக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார் ஒருவர். தள்ளினேன். கடைசி சரியானது, தொடக்கம் கெட்டது. இன்னொருவர் சப்டைட்டில் நேரம் திருத்தச் சொல்லிக்கொடுத்தார், நான் கேட்டது அதுவல்ல!

விடை சவுண்ட் என்ஜினியர் அண்ணனிடம் கிடைத்தது. "ஒரே அளவில் விலகினால் நகர்த்து. வளர்ந்துகொண்டே போனால் பிரேம் ரேட்டைப் பார்" என்றார். பார்த்தால், குரல் பதிவுக்குக் கொடுத்த பிரதி வினாடிக்கு 24 பிரேம், இறுதிப் படம் 23.976. அதனால் முடிவில் 1.2 வினாடி முந்தல். டிராக்கை அதே விகிதத்தில் மெதுவாக்கினேன்:

```
ffmpeg -i tamil.wav -af atempo=0.999001 out.wav
```

நேரம் ஒட்டியது. அப்புறம்தான் உதடு உறுத்தியது. குளோசப்பில் நடிகை இந்தியில் "மத் ஜாவோ" என்கிறாள், மகரத்துக்கு உதடு மூடுகிறது. நாங்கள் எழுதியதோ "செல்லாதே". "போகாதே" என்று மாற்றினோம், பகரத்துக்கும் உதடு மூடுமே. ஆனால் முடிவில் அவள் வாய் "ஓ" என்று குவிகிறது, நம் "தே" விரிகிறது. அது இன்னும் இடிக்கிறது.