12 பேருக்கு அனுப்பினால் 50 ஜிபி இலவசம்: அம்மாவின் போனில் அறிவிப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை

தினேஷ், செவ்வாய்பேட்டை

வணக்கம். அம்மாவின் ஆண்ட்ராய்டு போன் பற்றி ஒரு சந்தேகம். நேற்று மாலை அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மொபைல் நிறுவனத்தின் ஆண்டு விழாவாம், எல்லோருக்கும் 3 மாதத்துக்கு 50 ஜிபி இலவசமாம். இணைப்பைத் தொட்டால் போன் எண் கேட்கிறது. கொடுத்ததும் வாழ்த்துகள் என்று வருகிறது, அப்புறம் 12 பேருக்கோ குழுக்களுக்கோ அனுப்பச் சொல்கிறது. அம்மா பொறுமையாக எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். கடைசியில் ஒரு கிளீனர் ஆப்பை ஏற்றச் சொன்னது, அதையும் ஏற்றியிருக்கிறார். டேட்டா வரவில்லை.

இன்று காலையிலிருந்து "உங்கள் போனில் 4 வைரஸ்", "பரிசு காத்திருக்கிறது" என்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. குரோமில் ஹிஸ்டரி எல்லாம் அழித்துவிட்டேன், நிற்கவில்லை.

பெரிய கவலை வேறு. அம்மா இங்கே சீட்டு நடத்துகிறார். கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகும் பெண்கள்தான் பெரும்பாலும். அந்தச் சீட்டுக் குழுவிலும் இது போய்விட்டது. பணம் இதே போனில் யுபிஐ வழியாகத்தான் வருகிறது. கணக்குக்கு ஆபத்து உண்டா?

பிரபு, ஆத்தூர்

தம்பி, உடனே ஃபேக்டரி ரீசெட் போடுங்க, சிம்மையும் மாத்துங்க. அந்த லிங்க்கைத் தொட்டவுடனே போனில் இருக்கிற எல்லா நம்பரும், போட்டோவும், பேங்க் விவரமும் போயிடும். 12 பேருக்கு அனுப்பினது அவங்களுக்குத் தெரிஞ்சது எப்படி? வாட்ஸ்அப் உள்ளே புகுந்து எண்ணிப் பார்க்கிறதால்தான்.

ஜோசப், ஏற்காடு

எந்த நிறுவனம் 50 ஜிபி தருகிறது? இங்கே நாகலூர் பக்கம் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் சிக்னல் உருப்படியாக இருக்கிறது. தங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வைஃபை பாஸ்வேர்டுதான் கேட்கிறார்கள். அந்தச் சலுகை உண்மையென்றால் இணைப்பை இங்கே போடுங்கள்.

தினேஷ், செவ்வாய்பேட்டை

ஜோசப் அண்ணா, சலுகையே பொய். இணைப்பை இங்கே போட மாட்டேன், தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் தனியாக அனுப்புகிறேன்.

ரேவதி, அஸ்தம்பட்டி

தினேஷ், எனக்கு அனுப்புங்க. இணையதளம் செய்து கொடுப்பதுதான் என் வேலை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ரீசெட் இப்போது வேண்டாம்.

ரேவதி, அஸ்தம்பட்டி

பார்த்துவிட்டேன். கணினியில் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான். போனிலிருந்து வருவது போலக் காட்டியதும் அம்மா பார்த்த பக்கம் வந்தது. இந்த வகைப் பக்கங்களில் இது வழக்கம், சோதிக்க வருகிறவர் கண்ணில் படாமல் இருக்கத்தான். கீழே "எனக்கு வந்துவிட்டது, நன்றி" என்று இருக்கும் கருத்துகள் பக்கத்திலேயே எழுதி வைத்த படமும் எழுத்தும். "2 நிமிடம் முன்பு" என்பது எப்போது திறந்தாலும் 2 நிமிடம்தான்.

போன் எண் பெட்டியில் பத்து பூஜ்ஜியம் போட்டேன். அதற்கும் வாழ்த்துகள் சொன்னது.

பிரபு அண்ணா கேட்ட கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். அனுப்பியதை அந்தப் பக்கம் எண்ணவே இல்லை. பக்கத்தில் இருந்த நிரலைச் சுருக்கித் தருகிறேன்:

```
function share() {
  n++;
  location.href = "whatsapp://send?text=" + msg;
  if (n >= 12) showNext();
}
```

பச்சைப் பொத்தானைத் தொட்டால் n ஒன்று கூடுகிறது, வாட்ஸ்அப் திறக்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் அனுப்பாமல் திரும்பி வந்தாலும் பட்டை நகரும். நான் யாருக்கும் அனுப்பாமலே 12 முடித்தேன். நடுவில் ஓரிடத்தில் "இந்தக் குழுவுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள், வேறு குழுவைத் தேர்ந்தெடுக்கவும்" என்று வந்தது. நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்ப வைக்க எழுதிய வரி அது. ஒரு வலைப்பக்கத்தால் வாட்ஸ்அப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாது, போனில் இருக்கும் எண்களையும் எடுக்க முடியாது. ஆப் ஏற்றினால் கதை வேறு, அதற்கு வருகிறேன்.

இதில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒன்றை ஃபார்வர்ட் செய்தால் மேலே Forwarded என்று வரும். பல கை மாறி வந்தால் இரட்டை அம்புக்குறியும் வரும், அதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது. 2020 ஏப்ரலில் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. ஆனால் மேலே உள்ள பொத்தான் ஃபார்வர்ட் செய்வதில்லை. செய்தியைப் புதிதாகத் தட்டச்சு செய்தது போல வாட்ஸ்அப்பில் வைக்கிறது. அதனால் அம்புக்குறியும் வராது, அந்தக் கட்டுப்பாடும் பிடிக்காது. உங்கள் அம்மா கைப்பட எழுதி அனுப்பியது மாதிரியேதான் சீட்டுக் குழுவில் விழுந்திருக்கும். மாதாமாதம் பணத்தை நம்பிக் கொடுக்கிற அம்மா சொன்னால் யார்தான் தொடாமல் இருப்பார்கள்?

தினேஷ், செவ்வாய்பேட்டை

ஆமாம் மேடம், இப்போதுதான் பார்த்தேன். குழுவில் அம்மாவின் செய்தியில் Forwarded என்று இல்லை. இன்னும் சிலர் அதே குழுவில் அதையே போட்டிருக்கிறார்கள், அதிலும் இல்லை.

ரேவதி, அஸ்தம்பட்டி

அப்படியென்றால் அவர்களும் உள்ளே போய்ப் பொத்தானைத் தொட்டிருக்கிறார்கள். முதல் வேலையாக அதை அழியுங்கள். அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று கூடுதலாக Delete for everyone வேலை செய்யும். அம்மாதான் குழு அட்மின் என்றால் மற்றவர்கள் போட்டதையும் அவரே நீக்கலாம். தனித்தனியாக அனுப்பியதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது அறிவிப்பு. நடுவில் எங்கோ "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட Allow தொடவும்" என்று வந்திருக்கும். அது அந்தத் தளம் அறிவிப்பு அனுப்ப நாம் தரும் அனுமதி. ஹிஸ்டரியை அழித்தால் அந்த அனுமதி போகாது, அதனால்தான் உங்களுக்கு நிற்கவில்லை. வருகிற அறிவிப்பை உற்றுப் பாருங்கள், வைரஸ் படத்துக்குப் பக்கத்தில் Chrome என்றும் ஏதோ ஒரு தளத்தின் பெயரும் சிறிய எழுத்தில் இருக்கும். குரோமில் மூன்று புள்ளி, Settings, Site settings, Notifications என்று போனால் அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக இருக்கும். தெரியாத பெயரை ஒவ்வொன்றாகத் திறந்து தடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேல் இருக்கும், பாருங்கள்.

அந்த கிளீனர் பிளே ஸ்டோரிலிருந்து வந்ததா, குரோமில் நேராக இறங்கியதா? பதில் மாறும்.

தினேஷ், செவ்வாய்பேட்டை

ஐந்து தளங்கள் இருந்தன, எல்லாவற்றையும் தடுத்தாயிற்று. அறிவிப்பு நின்றுவிட்டது, ரொம்ப நன்றி. கிளீனர் பிளே ஸ்டோர்தான். "இந்த ஆப்பை ஏற்றி 30 விநாடி திறந்து வைக்கவும்" என்று சொன்னதாம்.

ரேவதி, அஸ்தம்பட்டி

அதில்தான் அவனுக்குக் காசு. ஆப் ஒன்று ஏற்றப்பட்டால் அனுப்பி வைத்தவனுக்கு விளம்பரக் கமிஷன் கிடைக்கும். பக்கத்தைத் திறந்ததற்கு, அறிவிப்பைத் தொட்டதற்கு என்று தனித்தனியாகவும் வரும். ஒருவரிடம் கிடைப்பது சில்லறைதான், அதனால்தான் ஆளுக்கு 12 பேரைக் கேட்கிறான். கிளீனரை நீக்கிவிடுங்கள்.

குரோமில் நேராக apk கோப்பாக இறங்கியிருந்தால் நான் இவ்வளவு சாவகாசமாகப் பேசியிருக்க மாட்டேன். Downloads கோப்புறையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். Settings-இல் Apps முழுப் பட்டியலையும், Accessibility-யையும் பாருங்கள். எஸ்எம்எஸ் படிக்கவோ Accessibility-க்கோ அனுமதி வாங்கிய தெரியாத ஆப் இருந்தால் வங்கியின் ஓடிபி அதன் கைக்குப் போகும். அப்போது பிரபு அண்ணா சொன்ன ரீசெட் சரிதான், அதற்கு முன் நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்ல வேண்டும். பிளே ஸ்டோர் என்பதாலேயே நூறு சதவீதம் நம்பவும் முடியாது. 2021-இல் FlixOnline என்று ஒன்று அங்கேயே இருந்தது, வாட்ஸ்அப் அறிவிப்புகளைப் படித்து, வருகிறவர்களுக்கெல்லாம் இலவச நெட்ஃபிளிக்ஸ் என்று தானாகவே பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் கூகுள் எடுத்தது.

பிரபு, ஆத்தூர்

அப்ப நம்பர் கொடுத்ததால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்களா? எங்க மச்சானுக்கு அதுக்கப்புறம்தான் லோன் வேணுமான்னு தினமும் போன்.

ரேவதி, அஸ்தம்பட்டி

ஆகாது என்று சொல்லவில்லை அண்ணா. முதல் பெட்டியில் போட்ட எண் எங்கும் போகவில்லை, பொத்தானை அழுத்தும்போது வெளியே எதுவும் போகிறதா என்று பார்த்தேன். அது வெறும் நாடகம். ஆனால் 12 முடிந்த பிறகு எனக்கு வேறு தளத்தில் இன்னொரு படிவம் வந்தது. பெயர், எண், பின்கோடு, எந்த வங்கி என்று கேட்டது. அதில் போட்டது அப்படியே வெளியே போகிறது. விலை உள்ள சரக்கு அதுதான். ஊர், வங்கி, இலவசம் என்றால் தொடுகிற ஆள் என்ற குறிப்பு, எல்லாம் ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது. உங்கள் மச்சானுக்கு வரும் அழைப்பு இதிலிருந்துதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

தினேஷ், அம்மா அந்தப் படிவத்தை நிரப்பினாரா?

தினேஷ், செவ்வாய்பேட்டை

"பேர் கேட்டுச்சு, வேற என்னமோ கேட்டுச்சு" என்கிறார். அதற்கு மேல் ஞாபகம் இல்லை. இன்னொன்று, இன்று காலை வாட்ஸ்அப்பிலிருந்து ஆறு இலக்க எண் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்கிறது. அம்மா எதுவும் கேட்கவில்லை.

ரேவதி, அஸ்தம்பட்டி

நிரப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். யாரோ அம்மா எண்ணைத் தங்கள் போனில் வாட்ஸ்அப்பாகப் பதிவு செய்யப் பார்க்கிறார்கள். "50 ஜிபி தயார், வந்த ஆறு எண்ணைச் சொல்லுங்கம்மா" என்று அழைப்பு வரலாம். சொன்னால் அம்மா வெளியே, அவன் உள்ளே. பிறகு சீட்டுக் குழுவில் "இந்த மாதம் இந்த நம்பருக்குப் போடுங்கள்" என்று ஒரு வரி போதும். யுபிஐ பின் யாருக்கும் சொல்லாதவரை கணக்கை அந்தப் பக்கத்தால் தொட முடியாது. எனக்குப் பயம் மற்ற பெண்களின் பணத்தைப் பற்றித்தான்.

வாட்ஸ்அப்பில் Settings, Account, Two-step verification போய் ஒரு பின் வைத்துவிடுங்கள். Linked devices-இல் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். பணம் எங்காவது போயிருந்தால் மட்டும் தாமதிக்காமல் 1930, அல்லது cybercrime.gov.in.

ஜோசப், ஏற்காடு

மேடம், எனக்கும் ஒன்று. டேட்டா இல்லை, பேலன்ஸில்தான் கை வைக்கிறார்கள். ஏதோ கிரிக்கெட் செய்தியாம், நான் கேட்கவே இல்லை. சில நாளுக்கு ஒரு முறை பிடிக்கிறார்கள். இதுவும் அந்த மாதிரி லிங்க்கா?

ரேவதி, அஸ்தம்பட்டி

இருக்கலாம் ஜோசப் சார், இல்லாமலும் இருக்கலாம். கட்டணச் சேவைக்கு இரண்டாவது தடவை சம்மதம் வாங்க வேண்டும் என்று 2013-லேயே டிராய் உத்தரவு இருக்கிறது, ஆனால் அவசரத்தில் எதையோ தொட்டால் அதுவே சம்மதம் ஆகிவிடும். 155223 என்ற எண்ணுக்கு அழையுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் சேவையைச் சொல்லி நிறுத்தலாம்.

தினேஷ், செவ்வாய்பேட்டை

Linked devices-இல் எதுவும் இல்லை. பின் வைத்தாயிற்று. கிளீனரையும் எடுத்தாயிற்று, apk எதுவும் இல்லை. குழுவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அம்மா குரல் செய்தி போட்டிருக்கிறார்: சீட்டுப் பணம் பழைய நம்பருக்கு மட்டும், மாற்றம் என்றால் நானே வீட்டுக்கு வந்து சொல்வேன் என்று. அதற்குள் இரண்டு பேர், எங்களுக்கும் ஆறு நம்பர் வந்தது என்று சொல்கிறார்கள். ஒருவர் அதை யாரிடமோ சொல்லிவிட்டாராம், அவருடைய வாட்ஸ்அப் இப்போது திறக்கவில்லை. என்ன செய்வது?

ரேவதி, அஸ்தம்பட்டி

அவர் எண்ணை முதலில் குழுவிலிருந்து எடுங்கள், அம்மாவால் முடியும். அப்புறம் அவர் போனிலேயே வாட்ஸ்அப்பில் திரும்பப் பதிவு செய்யச் சொல்லுங்கள், புது எண் அவர் சிம்முக்குத்தான் வரும், அதைப் போட்டதும் மற்றவன் வெளியே போய்விடுவான். நடுவில் அவன் தன் பின் ஒன்றை வைத்திருந்தால் உங்களிடம் அதைக் கேட்கும், அப்போது 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களில் அவனும் உள்ளே இருக்க முடியாது. அவர் பெயரில் பணம் கேட்டு யாருக்காவது செய்தி வந்ததா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.