புதுப்பிப்பு: மட்டக்களப்பு சேர்வர் அறை பேட்டரிக் கணக்கு

நான் இங்கே கேட்டது: "2,400 வாட் லோட், 30 நிமிசம் ஓட வேணும். எத்தனை ஏ.எச். பேட்டரி?"

ஏ.எச்.ஐ விட்டுட்டு வாட்டைப் பாருங்க என்று அண்ணன் ஒருவர் சொன்னதுதான் சரி. யூபிஎஸ் செயல்திறன் 0.9 என்றால் பேட்டரி 2,667 வாட் தர வேணும். பழசாகிக் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினாலும் நேரம் குறையாமலிருக்க 1.25ஆல் பெருக்கினால் 3,333. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி 16, ஒவ்வொன்றிலும் 6 செல், அதாவது 96 செல். 3,333ஐ 96ஆல் வகுத்தால் செல்லுக்குக் கிட்டத்தட்ட 35 வாட். தயாரிப்பாளரின் 30 நிமிச அட்டவணையில், பேட்டரி எந்த வோல்டேஜுக்கு இறங்கினால் யூபிஎஸ் அணையுமோ அதற்குரிய வரியில், இதற்குக் குறையாத மாடல் வேணும்.

வெக்கைக்காகவும் பேட்டரியைக் கூட்டிப் போடச் சொன்ன தம்பி பாதி சரி. 33 பாகையில் கொள்ளளவு குறையாது. ஆயுள்தான் கிட்டத்தட்ட பாதியாகும். அந்தக் காசை ஏசிக்குப் போடலாம்.

 

கரண்ட் போனால் ஏசியும் நிற்கும். அந்த அரை மணியில் அறை எவ்வளவு சூடேறும் என்று இன்னும் அளக்கவில்லை.