38 கிலோ இலை, கணக்கில் 114

மலைச்சரிவு:
கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, பசுந்தேயிலை எடை போடும் செயலி. சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்தர் எடையை அடித்து 'சேமி' அழுத்துவார், செயலி சர்வருக்கு அனுப்பும், பத்து விநாடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும், மொத்தம் மூன்று முறை.

ஒரு பாட்டி எடைக் கொட்டகைக்கு வந்து குறுஞ்செய்தியைக் காட்டினார். "தம்பி, நான் குடுத்தது 38 கிலோதான். இதுல 114னு இருக்கு. மிச்சத்தை மாசக் கடைசியில பிடிச்சுடுவீங்களா?" அவருக்கு இருந்த பயம் எங்கள் குழுவில் யாருக்கும் இருக்கவில்லை.

சர்வர் பதிவில் பார்த்தால் 4:12:07, 4:12:17, 4:12:27 என்று மூன்று வரிசை. மூன்றிலும் 38 கிலோ. அதாவது முதல் கோரிக்கையே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வர வேண்டிய பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. இதைத் தடுக்கத்தானே கோரிக்கையோடு ஒரு தனி அடையாள எண் அனுப்புகிறோம்? அதுவும் இருந்தது. ஆனால் முந்தைய ஒப்பந்தக் குழு எழுதிய குறிமுறை இப்படி:

```kotlin
for (i in 1..3) {
    val key = UUID.randomUUID().toString()
    if (post(entry, key)) break
}
```

`key` சுற்றுக்கு உள்ளே பிறக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண். சர்வருக்கு அது மூன்று வெவ்வேறு எடை. அந்த ஒரு வரியைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

வேகநடை:
டைம்அவுட் பத்து விநாடி என்பதுதான் கோளாறு. மலையில் அறுபது வையுங்கள். ரீட்ரையே தேவைப்படாது.

அரசமரத்தடி:
வேகநடை சொல்வதில் பாதி சரி. நேரம் கூடினால் வீண் முயற்சி குறையும். ஆனால் பதில் தொலைந்துபோனால் அறுபது விநாடி காத்தாலும் வராது. அதற்குள் எழுத்தர் பொறுமை இழந்து செயலியை மூடித் திறந்து தானே இன்னொரு தடவை அழுத்துவார். அதுவும் ஒரு ரீட்ரைதான், நம் எண்ணிக்கையில் வராத ரீட்ரை.

'டைம்அவுட்' என்று ஒன்றாகப் பேசுவதிலேயே சிக்கல் இருக்கிறது. கோரிக்கை அனுப்பும் ஓகேஎச்டிடிபி நூலகத்தில் இணைக்க, எழுத, படிக்க என்று தனித்தனியாகப் பத்துப் பத்து விநாடி இருப்பில் வரும். இணைக்கும் கட்டத்திலேயே தோற்றால் கோரிக்கை போகவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பலாம். படிக்கும் கட்டத்தில் தோற்றால் சர்வரில் வேலை நடந்ததா இல்லையா என்று கைபேசிக்குத் தெரிய வழியே கிடையாது. பாட்டியின் இலை மாட்டியது இங்கேதான்.

இன்னொன்று, படிக்கும் பத்து விநாடி என்பது மொத்தப் பதிலுக்கும் அல்ல; ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே உள்ள நேரம். எட்டு விநாடிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டினால் டைம்அவுட் ஆகவே ஆகாது. மொத்தத்துக்கு எல்லை வேண்டுமென்றால் `callTimeout` தனியாக வைக்க வேண்டும். அதன் இருப்பு மதிப்பு 0, அதாவது எல்லையே இல்லை.

இணைக்கும் நேரத்தை 2 விநாடியாகக் குறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். லினக்ஸின் 6.5க்கு முந்தைய பதிப்புகளில் முதல் பொட்டலம் தொலைந்தால் வழக்கமாக 1, 3, 7 விநாடிகளில் மறுபடி போகும். இரண்டில் வெட்டினால் ஒரே ஒரு மறுமுயற்சிதான் கிடைக்கும், மூன்றாவது விநாடியில் பிழைத்திருக்கக்கூடியதை நாமே கொன்றுவிடுவோம்.

சின்னத்தம்பி:
எனக்கும் இப்படித்தான், கடையில் ஸ்கேன் பண்ணினேன், பணம் போய்விட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. இதுவும் ரீட்ரையா?

அரசமரத்தடி:
அது வங்கிகளுக்கு இடையே நடக்கும் சமாசாரம், இங்கே பேசுவது வேறு. பதில் வராதபோது மறுபடி பணம் கட்டாமல் முதலில் நிலையை மட்டும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு எதற்கு? ஒரே விவசாயி, ஒரே எடை, ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் சர்வரே தள்ளிவிடட்டும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், புகார் இல்லை.

மலைச்சரிவு:
இரண்டு மூட்டை, இரண்டும் 20 கிலோ, அடுத்தடுத்து தராசில் ஏறும். எங்கள் கொட்டகையில் தினமும் நடப்பது. உங்கள் விதி இரண்டாவது மூட்டையை விழுங்கிவிடும். கூடுதலாக ஏறினால் பாட்டி வந்து சொல்வார். குறைந்தால் அவருக்குத் தெரியாமலே போகலாம். உங்களிடம் புகார் இல்லை என்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இப்போது செய்திருப்பது இதுதான்: 'சேமி' அழுத்திய அந்தக் கணமே எண் பிறந்து, எடையோடு சேர்ந்து கைபேசியின் தரவுத்தளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. செயலி செத்துப் பிழைத்தாலும் அதே எண். சர்வர் அட்டவணையில் அந்த எண்ணுக்கான பத்திக்கு `UNIQUE`, ஒரே எண் இரண்டு முறை ஏறாது. இரண்டாம் முறை வந்தால் பிழை காட்டாமல் பழைய பதிலையே திருப்பித் தருகிறோம். எழுத்தர் இடையில் எடையைத் திருத்திவிட்டு அதே எண்ணில் அனுப்பினால் மட்டும் மறுக்கிறோம். திருத்தத்துக்குப் புது எண் வேண்டும்.

இரவுப்பணி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எண்ணைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் அடுத்தது ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் உள்ள இடைவெளிதான் கடிக்கும். நான் பார்த்தது வேறு செயலி, வண்டி ஓட்டுநர்களுக்கானது. ஓட்டுநர் ஊருக்குள் வந்து நிற்கிறார், நான்கு கோடு சிக்னல், மற்ற எல்லாம் ஓடுகிறது, எங்கள் செயலி மட்டும் 'காத்திருக்கிறது' என்கிறது. அரை மணி நேரம்!

காரணம், ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை ஓட்டும் ஒர்க்மேனேஜர். இடைவெளி 30 விநாடியில் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிக்கும்: 30, 60, 120, 240... ஏழாவது தோல்விக்கு 32 நிமிடம். உச்சம் 5 மணி நேரம். 'இணைப்பு இருந்தால் மட்டும் ஓடு' என்று நிபந்தனை போட்டிருந்தார்கள், ஆனால் மலையில் ஒரு கோடு சிக்னலும் இணைப்பு என்றே கணக்கு. அதனால் ஓடி ஓடித் தோற்று, இடைவெளியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. நல்ல சிக்னல் வந்த பிறகும் பழைய தண்டனை தொடரும். நாங்கள் செய்தது, பயனர் செயலியைத் திறந்தால் `enqueueUniqueWork`ஐ `REPLACE` உடன் கூப்பிட்டுப் புதிதாகத் தொடங்குவது. பழைய வேலை பாதியில் வெட்டுப்படும், ஆனால் எண் ஒன்றே என்பதால் இரட்டைப் பதிவு பயம் இல்லை.

அப்புறம் ஒரு வார்த்தை, சர்வர் பக்கம் இருப்பவன் என்ற முறையில். கோபுரத்துக்கு மின்சாரம் போய்த் திரும்பினால் எல்லாக் கைபேசியும் ஒரே நேரத்தில் வரும். சர்வர் திணறிப் பாதியைத் தள்ளினால், தள்ளப்பட்டவை எல்லாம் சரியாக 30 விநாடி கழித்து ஒன்றாக வரும், பிறகு 60 கழித்து. வரைபடத்தில் சீப்புப் பல் மாதிரி தெரியும். நேரடியாக அனுப்பும் இடங்களில் காத்திருப்பை 0 முதல் அந்தத் தடவைக்குரிய இடைவெளிக்குள் ஏதோ ஒரு எண்ணாகக் குலுக்கிப் போடுங்கள். 503 உடன் சர்வர் `Retry-After` சொன்னால், அதற்குக் குறைவாக மட்டும் போகாதீர்கள்.

வேகநடை:
0 வந்தால் உடனே அடிக்குமே? குறைந்தது பாதி நேரமாவது நிற்க வேண்டாமா?

இரவுப்பணி:
சிலர் அப்படியும் வைக்கிறார்கள். கூட்டம் பெரிதென்றால் முழுதும் குலுக்குவதே எனக்குப் பிடித்தது. உங்கள் கூட்டம் இருபது கைபேசி என்றால் எதுவானாலும் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை:
சரி, எண் முறையே இருக்கட்டும். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? எங்கள் சர்வர்காரர் 24 மணி நேரத்தில் அழித்துவிடலாம் என்கிறார். ஒரு எழுத்தர் விடுப்பில் போனால் கைபேசி இரண்டு வாரம் மேசை டிராயரில் கிடக்கும், உள்ளே அனுப்பாத பதிவோடு.

மலைச்சரிவு:
எங்களுக்கு எண் எடை வரிசையிலேயே ஒரு பத்தி என்பதால் தனியாக அழிப்பதில்லை. ஆனால் மாதக் கணக்கு முடிந்ததும் பழைய வரிசைகளை வேறு அட்டவணைக்கு மாற்றுகிறோம், `UNIQUE` அங்கே பார்க்காது. டிராயர் கைபேசி 2ஆம் தேதி விழித்தால் என்ன ஆகும் என்று இன்னும் சோதிக்கவில்லை. யாராவது அட்டவணை பிரித்து வைத்துச் சமாளித்திருந்தால் எழுதுங்கள்.