பர்ச்சேஸ் ரிஜிஸ்டருக்கும் 2பி-க்கும் ₹22,140 வித்தியாசம்: எங்கே தேடுவது?

கோவை கணக்கு

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறோம். 2025 மே மாதத்துக்கு டேலியில் எடுத்த பர்ச்சேஸ் ரிஜிஸ்டரில் உள்ளீட்டு வரி மொத்தம் ₹2,46,780. சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜூன் 14-ஆம் தேதி போர்ட்டலில் வந்த 2பி-யில் ₹2,24,640தான் இருக்கிறது.

எக்செல்லில் பில் நம்பரை வைத்து VLOOKUP போட்டால் 140 பில்லில் 38 பில்லுக்கு `#N/A` வருகிறது. அதில் பெரும்பாலானவை கண்ணால் தேடினால் 2பி-யில் இருக்கின்றன. காஸ்டிங் தரும் ஃபவுண்டரியின் ஒரு பில் மட்டும், வரி ₹21,600, எப்படித் தேடினாலும் கிடைக்கவில்லை.

பேங்க் சார்ஜுக்கான வரி ₹540-உம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் சரியாக 22,140. அதனால் பிரச்சினை இவ்வளவுதான் என்கிறார் முதலாளி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 20-ஆம் தேதிக்குள் மாத வரித் தாக்கலான 3பி போட வேண்டும். என்ன செய்யலாம்?

ஈரோடு ராஜா

2பி-யில் இல்லையென்றால் 2ஏ-வில் பாருங்கள். அங்கே இருந்தால் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். அதிலும் இல்லாவிட்டால்கூட 2பி தொகைக்கு மேல் 5% வரை எடுக்க விதி இருக்கிறது. உங்களுக்கு அது பதினோராயிரத்துக்கு மேல் வரும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மதுரை வரி ஆலோசகர்

ராஜா சொன்ன 5% முன்பு இருந்தது உண்மை. முதலில் 20%, பிறகு 10%, 2021-இல் 5% என்று குறைந்து, 2022 ஜனவரி 1 முதல் முற்றிலும் போய்விட்டது. இப்போது 2பி-யில் வராத பில்லுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அதிகமாக எடுத்தால் 3பி-க்கும் 2பி-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு DRC-01C என்ற அறிவிப்பு வரும். 2ஏ பார்ப்பது நல்ல யோசனைதான், ஆனால் கிரெடிட் எடுப்பதற்காக அல்ல. சப்ளையர் பில்லை ஏற்றியிருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள மட்டும்.

கேள்விக்கு வருகிறேன். 21,600-உம் 540-உம் சேர்ந்து 22,140 வருவது தற்செயல். ஃபவுண்டரி பில் உங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறது, 2பி-யில் இல்லை. பேங்க் சார்ஜ் பெரும்பாலும் அதற்கு நேரெதிர்: 2பி-யில் இருக்கும், ரிஜிஸ்டரில் இருக்காது. ஒன்று வித்தியாசத்தைக் கூட்டும், மற்றது குறைக்கும். மொத்தத் தொகைகளைக் கழித்து வரும் எண்ணை வைத்துத் தேடவே கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக என்ன விடுபட்டது என்று பாருங்கள்.

அதற்கு முன் அந்த 38-ஐச் சுத்தம் செய்ய வேண்டும். டேலியிலிருந்து எடுத்தபோது எந்த நம்பர் வந்திருக்கிறது? உங்கள் வவுச்சர் நம்பரா, `Supplier Invoice No.` பத்தியா? அது சரியென்றால், அடுத்து இரண்டு ஷீட்டிலும் ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்து F பத்தியில் ஒரு சாவி செய்யுங்கள். A-யில் ஜிஎஸ்டி எண், B-யில் பில் நம்பர் என்று வைத்துக்கொள்கிறேன்.

```
=UPPER(TRIM(A2))&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(B2),"/",""),"-","")," ","")
```

அப்புறம் VLOOKUP வேண்டாம். ஒரே பில்லில் இரண்டு வரி விகிதம் இருந்தால் ரிஜிஸ்டரில் இரண்டு வரிசை வரும், VLOOKUP முதல் வரிசையோடு நின்றுவிடும். SUMIFS இரண்டையும் கூட்டிக்கொள்ளும். ரிஜிஸ்டர் ஷீட்டின் பெயர் REG, 2பி ஷீட்டின் பெயர் 2B, E பத்தியில் மொத்த வரி:

```
=SUMIFS(REG!E:E,REG!F:F,F2)-SUMIFS('2B'!E:E,'2B'!F:F,F2)
```

இதை ரிஜிஸ்டர் ஷீட்டிலும் போடுங்கள், 2பி ஷீட்டிலும் போடுங்கள். ஒரு ரூபாய்க்குள் வருவது ரவுண்டிங், விட்டுவிடலாம். மீதி நிற்பவற்றை ஜிஎஸ்டி எண்ணும் வரித் தொகையும் வைத்து இன்னொரு முறை பொருத்துங்கள். `25-26/0417` என்ற பில்லை 417 என்று மட்டும் என்ட்ரி போட்டிருந்தால் அங்கேதான் அகப்படும். ஒரே சப்ளையர், ஒரே தொகை, இரண்டு பில் என்றால் தேதியையும் பாருங்கள்.

டிராவல்ஸ் மணி

எனக்கும் இதே பிரச்சினை. பெங்களூரில் தங்கிய ஓட்டல் பில் 2பி-யில் வந்திருக்கிறது, ஆனால் ITC Availability பத்தியில் No என்று இருக்கிறது. ஓட்டல்காரரைத் திருத்தச் சொன்னால் அவர் எதுவும் தவறில்லை என்கிறார். இதை எப்படிப் பொருத்துவது?

மதுரை வரி ஆலோசகர்

மணி, உங்களுடையது பொருந்தாத பில் அல்ல. ஓட்டல் இருக்கும் இடம் கர்நாடகா, அதனால் அந்த மாநிலத்தின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டுப் பதிவில் அதை எடுக்க வழியில்லை. ஓட்டல்காரர் சொல்வது சரி. வரியையும் சேர்த்துச் செலவில் எழுதிவிடுங்கள்.

கோவை கணக்கு

நன்றி சார். நீங்கள் கேட்டதுதான், வவுச்சர் நம்பர் பத்தி வந்திருந்தது. மாற்றிப் போட்டதும் 38 பில் மளமளவென்று குறைந்துவிட்டது. மீதி இவைதான்.

ரிஜிஸ்டரில் இருந்து 2பி-யில் இல்லாதவை இரண்டு: ஃபவுண்டரி பில் ₹21,600, வைண்டிங் ஒயர் கடை பில் ₹10,800. சேர்த்து ₹32,400.

2பி-யில் இருந்து ரிஜிஸ்டரில் இல்லாதவை: பேங்க் ₹540, கூரியர் ₹1,080, ஊழியர்களுக்கு எடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸ் ₹1,440, அப்புறம் மார்ச் 28 தேதியிட்ட ஒரு பேரிங் பில் ₹7,200. சேர்த்து ₹10,260. இரண்டையும் கழித்தால் 22,140 சரியாக வருகிறது!

பெங்களூர் சப்ளையர் ஒருவரின் ₹9,000 பில்லும் இருக்கிறது. மொத்தம் பொருந்துகிறது. ஆனால் 2பி-யில் அது ஐஜிஎஸ்டி, எங்கள் ரிஜிஸ்டரில் சிஜிஎஸ்டி 4,500, எஸ்ஜிஎஸ்டி 4,500.

மதுரை வரி ஆலோசகர்

அருமை. கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுங்கள். அவருடைய ஜிஎஸ்டி எண் 29-இல் தொடங்கும், அது கர்நாடகா. பில்லைக் கையில் எடுத்துப் பார்த்து, அதில் ஐஜிஎஸ்டி இருந்தால் டேலியில் லெட்ஜரை மாற்றுங்கள். மொத்த வரியை மட்டும் ஒப்பிட்டால் இந்த வகை அகப்படவே அகப்படாது. மூன்று வரிக்கும் தனித்தனியாக SUMIFS போடும் வழக்கம் வேண்டும்.

ஒயர் கடை: போர்ட்டலில் Search Taxpayer போய் அவருடைய எண்ணைக் கொடுத்து, தாக்கல் பட்டியலைப் பாருங்கள். விற்பனை பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1 மாதாமாதம் இருக்கிறதா, மூன்று மாதத்துக்கு ஒன்றா? ஐந்து கோடி வரை விற்பனை உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை போடலாம். நடு மாதங்களில் IFF-இல் பில்லை ஏற்றுவது அவர்கள் விருப்பம். ஏற்றவில்லையென்றால் மே பில் ஜூலை 13-க்குள் போடும் காலாண்டுத் தாக்கலோடுதான் வரும், ஜூலை 14 அன்று வரும் ஜூன் 2பி-யில் நீங்கள் பார்ப்பீர்கள். அவரைத் தொந்தரவு செய்ய ஒன்றும் இல்லை.

மார்ச் பில்லை சப்ளையர் தாமதமாக ஏற்றியிருக்கிறார். மார்ச் 3பி-யில் நீங்கள் அதை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா என்று பழைய ஒர்க்கிங்கைப் பாருங்கள். எடுக்கவில்லையென்றால் இப்போது எடுக்கலாம். அது 2024-25 பில், அதனால் 2025 நவம்பர் 30 அல்லது அந்த வருடத்தின் ஆண்டுக் கணக்கு தாக்கல், எது முந்தியோ அதுவரைதான் நேரம்.

பேங்க், கூரியர் இரண்டும் நீங்கள் விட்டுவைத்திருந்த கிரெடிட். செலவு லெட்ஜரில் வரியோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும். ஏப்ரலிலும் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள், வழக்கமாக எல்லா மாதமும் இருக்கும். மெடிக்கல் இன்சூரன்ஸ் மட்டும் வேறு. 2பி-யில் Yes என்று வந்தாலும் அது பிரிவு 17(5)-இல் தடுக்கப்பட்டது. சட்டப்படி கட்டாயமாக எடுத்துத் தர வேண்டிய இன்சூரன்ஸாக இருந்தால்தான் விலக்கு. 2பி அதையெல்லாம் பார்த்துச் சொல்லாது. 3பி படிவத்தின் 4(A)(5)-இல் முழுத் தொகை ₹2,24,640-ஐ வைத்து, 4(B)(1)-இல் 1,440-ஐத் திருப்புங்கள். மார்ச் பில் இதுவரை எடுக்கப்படவில்லை என்றால் நிகரம் ₹2,23,200.

ஃபவுண்டரிக்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அவர் ஜிஎஸ்டிஆர்-1 போட்ட தேதி, 2ஏ-வில் பில் இருக்கிறதா, போர்ட்டலில் சப்ளையர் பில்களை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் உங்கள் IMS பக்கத்தில் யாராவது அந்தப் பில்லுக்கு Reject அல்லது Pending கொடுத்திருக்கிறார்களா.

கோவை கணக்கு

பார்த்துவிட்டேன். ஒயர் கடை காலாண்டுதான். மார்ச் பில் எடுக்கப்படவில்லை, தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஃபவுண்டரி ஜூன் 10 அன்றே தாக்கல் செய்துவிட்டது. 2ஏ-விலும் பில் இல்லை, IMS-இலும் இல்லை.

மதுரை வரி ஆலோசகர்

அப்படியென்றால் 11-ஆம் தேதிக்குள் போட்டும் உங்கள் எண்ணுக்கு வரவில்லை. ஒன்று பில்லையே விட்டிருக்கிறார், இல்லை வேறொருவர் எண்ணில் போட்டிருக்கிறார், இல்லை பி2சி-யில், அதாவது ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளர் கணக்கில், சேர்த்துவிட்டார். "ஃபைல் பண்ணிட்டேன்" என்ற பதிலோடு விடாதீர்கள். உங்கள் பில் இருக்கும் ஜிஎஸ்டிஆர்-1 பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஜூலை 11-க்குள் போடும் ஜூன் தாக்கலில் திருத்தினால் அந்த மாத 2பி-யில் வந்துவிடும்.

ஈரோடு ராஜா

அதுவரை பில் தொகையில் வரி 21,600-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். 2பி-யில் வந்த பிறகு கொடுத்தால் போதும். பணம் நின்றால்தான் வேலை நடக்கும்.

சிட்கோ ஃபவுண்டரி

நான் அந்தப் பக்கம் இருப்பவன். அந்த வரியை அவர் 3பி-யில் கட்டியிருப்பார், பி2சி-யில் போட்டிருந்தாலும் கட்டித்தான் இருப்பார். தட்டச்சுப் பிழைக்கு ஒரு மாதம் பணத்தை நிறுத்தினால் கூலி கொடுக்க எங்கே போவது? தாக்கலே செய்யாதவரிடம் பிடியுங்கள், நியாயம். இது அப்படியில்லையே.

ஈரோடு ராஜா

திருத்துகிறேன் என்று சொல்லி நவம்பர் வரை இழுத்தவரை நான் பார்த்திருக்கிறேன் அண்ணா. கிரெடிட் போனால் நஷ்டம் வாங்கியவருக்கு.

கோவை கணக்கு

ஃபவுண்டரியிலிருந்து பக்கத்தை அனுப்பிவிட்டார்கள். பி2சி-யில்தான் சேர்ந்திருக்கிறது. அங்கே குறைத்து, எங்கள் எண்ணில் பில்லாக ஏற்றி, ஜூன் தாக்கலில் சரிசெய்வதாகச் சொன்னார்கள். பணத்தை நிறுத்துவதா வேண்டாமா என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. மே 3பி-யை 2,23,200 நிகரத்தோடு போட்டுவிட்டேன். ஏப்ரல் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அதிலும் வரி நிற்கிறது.