புதுப்பிப்பு: வளைந்த கிராங்க்கை ஏன் நிமிர்த்தவில்லை

"அண்ணன் மகனின் சைக்கிளில் பெடல் மாட்டும் அலுமினிய கிராங்க் உள்பக்கம் வளைந்துவிட்டது, குழாய் மாட்டி நிமிர்த்தித் தர மெக்கானிக் மறுக்கிறார். ஏன்?" என்று முன்பு கேட்டிருந்தேன்.

இன்று அவனையே கடைக்கு அழைத்துச் சென்றேன். "இரும்பு கிராங்க்கை நிமிர்த்துகிறீர்களே அண்ணா?" என்று அவன் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. மெக்கானிக் பொறுமையாக விளக்கினார்.

"இரும்பு ஓரளவு தாங்கும், தம்பி. அலுமினியம் வளையும்போதே அந்த இடம் விறைத்துவிடும். திருப்பி வளைத்தால் பெடல் துளையோரம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, ஒவ்வொரு மிதிக்கும் சிறிது சிறிதாக நீண்டு, நீ மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது சட்டென ஒடியும்."

பிறகு கிராங்க்கில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பூசினார். சற்று நேரத்தில் துளையோரம் மெல்லிய ஈரக்கோடு தெரிந்தது. நிமிர்த்துவதற்கு முன்பே விரிசல் இருந்திருக்கிறது. கோடு தெரியாவிட்டாலும் விரிசலே இல்லையென்று நம்பக் கூடாது என்றார்.

அருகிலிருந்த பெரியவர், தம்முடைய நிமிர்த்திய கிராங்க் பல ஆண்டுகளாக ஓடுவதாகச் சொன்னார். அது ஆப்பு அடித்த பழைய இரும்பு கிராங்க். அதையும் நிமிர்த்தலாமா என்பதில் அவரும் மெக்கானிக்கும் ஒத்துப்போகவில்லை. அண்ணன் மகனின் பழைய கிராங்க்கின் பின்புறம் பொறித்திருந்த 170 மி.மீ. நீளத்திலேயே புதியதை மாட்டிக்கொண்டோம்.