புதுக் கண்ணாடியில் கதவு நிலை சாய்ந்து தெரிகிறது: ஆக்சிஸை முழுதாக ஏற்பதா, பாதி மாற்றுவதா?

வலது கண்ணுக்குப் பழைய பவர்: சிலிண்டர் -1.75, ஆக்சிஸ் 180. புதியது -2.00, ஆக்சிஸ் 160. இடது கண்ணில் மாற்றம் இல்லை. கண்ணாடி வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது, 6/6 வரி வரை படிக்க முடிகிறது. ஆனால் கதவு நிலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, டைல்ஸ் தரை சரிவாகத் தெரிகிறது. இடது கண்ணை மூடினாலும் சாய்வு அப்படியே இருக்கிறது.

காரணம் ஓரளவு புரிகிறது. ஆக்சிஸ் 180 என்றால் லென்ஸ் பிம்பத்தை மேலும் கீழுமாக மட்டும் சுருக்கும். கதவு குட்டையாகலாம், சாயாது. 160 என்றால் சுருக்கம் குறுக்காக விழுவதால் நேர்கோடு சாய்கிறது.

கடையில் லென்ஸோமீட்டரில் பார்த்தாச்சு, 160 சரியாகவே இருக்கிறது. லென்ஸ் ஃபிரேமுக்குள் சுழலவில்லை. நோஸ் பேடைச் சரிசெய்து கண்ணுக்கு நெருக்கமாக வைத்ததில் சாய்வு கொஞ்சம் குறைந்தது. பவரை மறுபடி சோதித்தபோதும் 160தான் வந்தது. டிரயல் ஃபிரேமில் 180-க்குத் திருப்பினால் கதவு நிமிர்கிறது, எழுத்துக்கு நிழல் விழுகிறது.

170 வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். பத்து டிகிரி தள்ளினால் சுமார் 0.70 டயாப்டர் சிலிண்டர் திருத்தப்படாமல் நிற்கும். அது படிக்கும்போது உறுத்தும் என்றே நினைக்கிறேன்.

ஆப்டோமெட்ரி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இந்த நிலையில் 160-லேயே இன்னும் சில வாரம் பழகுவதா, 170-க்கு லென்ஸ் மாற்றுவதா?