‘ஹியூமன் லேண்டிங் கேட்ச்’: தமிழில் என்ன சொல்வது?

செல்வி, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். கொசுக் கண்காணிப்புக் களப்பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அது அச்சுக்குப் போக வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க மலேரியாக் கொசுக்களைப் பற்றிய அத்தியாயத்தில் மூன்று சொற்கள் என்னை நிறுத்திவிட்டன: லைட் டிராப், ஹியூமன் லேண்டிங் கேட்ச், அளவீடு ஒருபக்கமாகச் சாய்ந்துபோவதைச் சொல்லும் பயஸ்.

இரண்டாவது சொல்லுக்கு எனக்கு முன்பு இந்தப் பணியில் இருந்தவர் ‘மனிதத் தரையிறங்கல் பிடிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறார். படித்தால் வேற்றுக்கிரகவாசிகளைப் பிடிக்கும் முறை போல இருக்கிறது. உண்மையில் நடப்பது எளிய வேலைதான். ஒருவர் முழங்கால்வரை கால்களைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை முறைவைத்து உட்கார்ந்திருப்பார். காலில் கொசு வந்து அமர்ந்ததும், அது குத்துவதற்கு முன் டார்ச் அடித்து, உறிஞ்சுகுழாயால் இழுத்து, அந்த மணிக்குரிய காகிதக் குவளையில் விடுவார். இதற்கு ஒரு பெயர் வேண்டும்.

வேணுகோபால், திங்கள் இரவு

முதல் சொல்லுக்கு விவாதமே தேவையில்லை. வேளாண்துறையில் ‘விளக்குப்பொறி’ என்று பல்லாண்டுகளாக வழங்குகிறோம். நெல் வயலில் விளக்கை மாட்டி, கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டை வைத்தால் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சிகள் வந்து விழும். கொசுவுக்கும் அதே கருவிதான். ஒரு குறிப்பைக் கையேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பொறி வைப்பது வீண், நிலவொளியில் விளக்கு எடுபடாது.

பேராசிரியர் மாறன், செவ்வாய் காலை

‘விளக்குப்பொறி’ என்பதில் விளக்கு கருவியைக் குறிக்கிறது. பூச்சியை ஈர்ப்பதோ ஒளி. ஆகவே ‘ஒளிப்பொறி’ என்பதே பொருந்தும். ‘பொறி’ என்ற சொல்லின் வளத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். தீப்பொறியில் அது கனல் துண்டு, ஐம்பொறியில் புலன், எலிப்பொறியில் சிக்கவைக்கும் கருவி, பொறியியலில் இயந்திரம். கொசுவின் புலனாகிய பொறி ஒளியாகிய பொறியைக் கண்டு கருவியாகிய பொறியில் விழுகிறது என்று ஒரே சொல்லால் மூன்றையும் சொல்லிவிடலாம்.

கொசு என்பதையும் ‘கொதுகு’ என்று மீட்டால் நன்று. அதுவே பழைய வடிவம், மலையாளத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. ஈழத்தில் வழங்கும் ‘நுளம்பு’ம் நல்ல சொல்லே, கன்னடத்தில் ஈயைக் குறிக்கும் ‘நொண’ அதன் உறவு என்று கருதுகிறேன்.

இரண்டாவது சொல்லுக்கு ‘காலமர் பிடிப்பு’ என முன்மொழிகிறேன்.

நஸ்ரீன், செவ்வாய் பகல்

ஐயா, ‘கால் பிடிப்பு’ என்றால் எங்கள் பணியாளர்கள் தைலம் தேடுவார்கள். விடிய விடிய அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் நேரக்கூடியதுதான்.

விளக்குப்பொறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரே இங்கு ஆளை ஏமாற்றுகிறது. வயலில் வைப்பதும் நாங்கள் வைப்பதும் ஒன்றல்ல. மலேரியா ஆய்வில் பயன்படும் சிடிசி பொறியில் சிறு மின்குமிழும், அதன் கீழ் மின்கலத்தில் ஓடும் விசிறியும், அதன் கீழ் வலைப்பையும் இருக்கும். வீட்டுக்குள், கொசுவலைக்குள் ஒருவர் தூங்கும் கட்டிலின் கால்மாட்டில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதைத் தொங்கவிடுவோம். கொசுவை அறைக்குள் வரவழைப்பது தூங்குபவரின் மூச்சும் உடல்வாடையும். வலை தடுத்ததால் சுற்றிக்கொண்டிருக்கும் கொசுவைக் கடைசியில் அருகிலிருந்து திசைதிருப்புவதே விளக்கின் வேலை, உள்ளே இழுப்பது விசிறியின் வேலை. ஆளில்லாத அறையில் அதே பொறியைத் தொங்கவிட்டால் மனித இரத்தத்தை நாடும் கொசு மிகக் குறைவாகவே விழும். எனவே இரண்டு முறைகளிலும் இரை மனிதர்தான். ஒன்றில் அவர் வலைக்கு வெளியே இருக்கிறார், மற்றதில் உள்ளே இருக்கிறார்.

வேணுகோபால் அண்ணன் சொன்ன நிலவுக் கணக்கு வெளியில் வைக்கும் பொறிக்குப் பெரிதும் பொருந்தும். சன்னல் சிறிதான இருட்டறைக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது.

யோகராசா, செவ்வாய் இரவு

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். மலேரியாத் தடுப்பில் களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குழுவில் இதை ‘இரவுப் பிடிப்பு’ என்றுதான் சொன்னோம், ஒருவருக்கும் விளங்காமல் போனதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் இருவர் விடியும்வரை இருந்து பிடித்ததில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கியூலிசிஃபாசிஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புதிதாக வந்த அலுவலர் ‘இங்கே நோய்காவி நுளம்பு இல்லை’ என்று எழுதப் போனார். அடுத்த வளவில் மாட்டைக் கட்டி வலைக்கூடாரம் போட்டிருந்தோம். காலையில் அதற்குள் போனால் அந்த நுளம்பு சுவரில் தாராளமாக இருந்தது. அது மனிதரைவிட மாட்டை விரும்பும் சாதி. ஆளை இரையாக வைத்தால் ஆளை விரும்புவதுதான் வரும். ஆகவே பெயரில் ‘மனிதர்’ கட்டாயம் இருக்க வேண்டும், அதை விட்டு எங்கள் ‘இரவுப் பிடிப்பு’ போல வைக்காதீர்கள்.

செல்வி, புதன் காலை

யோகராசா ஐயா தம் சொல்லைத் தாமே விலக்கிவிட்டார், நன்றி. ‘மனிதக் கடிப் பிடிப்பு’ என்று வைத்தால் என்ன? பழைய ஆவணங்களில் ‘பைட்டிங் கேட்ச்’ என்றே இருக்கிறது. கடியைத்தானே எண்ணுகிறோம்?

நஸ்ரீன், புதன் பகல்

கடியை எண்ணுவதில்லை அக்கா, கடிக்கு ஈடாக அமர்வதை எண்ணுகிறோம். அந்த ஈடுதான் இந்த முறையின் நுட்பமான குறை. உட்கார்ந்திருப்பவர் வலையில்லாமல், விழிப்போடு, காலைத் திறந்துகொண்டு இருக்கிறார். இரவு 2 மணிக்கு முற்றத்தில் அவர் காலில் இருபது கொசு அமர்ந்தது என்றால், அந்நேரம் முற்றத்தில் வேறு யாரும் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊரார் வலைக்குள் தூங்குகிறார்கள். ஆகவே அந்த எண் பாதுகாப்பற்ற ஒருவருக்கு நேரக்கூடியதைச் சொல்கிறதே தவிர, ஊராருக்கு நேர்ந்ததைச் சொல்வதில்லை.

அடுத்தது பிடிப்பவரின் கை. ஒருவர் உடலை நாடிக் கொசு மிகுதியாக வரும், இன்னொருவருக்கு வராது. ஒருவர் கை விரைவு, இன்னொருவர் 3 மணிக்கு மேல் கண்ணயர்ந்துவிடுவார். ஆட்களை வீடு மாற்றி, நாள் மாற்றிச் சுழற்றாவிட்டால், வீட்டுக்கு வீடு தெரிகிற வேறுபாடு ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடாகவே இருந்துவிடக்கூடும். பதிவேட்டைப் பார்த்தே சந்தேகப்படலாம்: எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே ஆளின் குவளைகள் மட்டும் பின்னிரவில் காலியாக வந்தால் அது கொசுவின் பழக்கமல்ல, ஆளின் தூக்கம்.

பொறி தூங்காது, ஆனால் அதன் மின்கலம் தூங்கும். காலையில் விசிறி நின்றிருந்தால் உள்ளே சிக்கியவை வெளியேறியிருக்கும். அந்த இரவைச் சுழியம் என்று எழுதக்கூடாது, பழுது என்று எழுத வேண்டும்.

வேணுகோபால், புதன் மாலை

ஆளைக் கொசுவுக்கு இரையாக வைப்பதே தவறில்லையா? பொறி இருக்கும்போது இந்த முறை எதற்கு? பொறியின் எண்ணை ஏதாவது ஒரு காரணியால் பெருக்கிக்கொள்ளலாமே.

நஸ்ரீன், புதன் இரவு

பெருக்கியும் பார்த்தார்கள். தான்சானியாவின் முஹேசா பகுதியில் செய்து 1991-இல் வெளியான ஒப்பீட்டில், மூன்று பொறிகள் பிடித்தது ஏறக்குறைய இரண்டு ஆட்கள் பிடித்ததற்குச் சமமாக இருந்தது. அதிலிருந்து ஒன்றரை என்ற பெருக்கெண் பிறந்தது. ஆனால் வேறு ஊர்களில், வேறு இனங்களில் வேறு விகிதங்கள் கிடைத்தன.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் அறைப்பொறியில் இரவுக்கு 20 அனாபிலிஸ் விழுகிறது. ஒன்றரையால் பெருக்கி 30 கடி என்கிறோம். ஊர் முழுக்க மருந்திட்ட வலை கொடுத்த பிறகு பொறியில் 4 விழுகிறது. 6 கடி என்று அறிக்கை எழுதுகிறோம். ஆனால் வலை வந்த பின், வீட்டுக்குள் மனிதரையே நாடும் அனாபிலிஸ் காம்பியே இனம் குறைந்து, மாட்டையும் வெளிப்புறத்தையும் நாடும் அனாபிலிஸ் அராபியென்சிஸ் இனத்தின் பங்கு கூடியிருக்கலாம். கென்யாவிலும் தான்சானியாவிலும் இப்படி நடந்திருக்கிறது. முற்றத்தில் 7 மணியிலிருந்து 9 மணிக்குள் மட்டும் ஓர் ஆளின் காலில் 10 அமர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சமைக்கும் நேரம், பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரம். அறைப்பொறிக்கு அந்தப் பத்தும் தெரியாது. பைக்குள் விழுந்த நான்கும் எந்த மணிக்கு விழுந்தவை என்றும் அது சொல்லாது. மணிவாரிக் குவளைகள் இருப்பதால்தான் ஆளை உட்காரவைக்கும் முறையை இன்னும் கைவிட முடியவில்லை.

தவறில்லையா என்ற கேள்வி நியாயமானது. மலேரியாவுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துத்தான் உட்காரவைக்கிறார்கள். மேற்குக் கென்யாவில் அப்படி மருந்து பெற்ற பிடிப்பாளர்களுக்கு, இந்த வேலையில் இல்லாதவர்களைவிட மலேரியா மிகவும் குறைவாகவே வந்தது. டெங்குக்கு அப்படிக் கொடுக்க மருந்து இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, இந்த விளக்குக்கும் சரியாக வராது. அங்கே இரண்டு முறையும் சிக்கல்தான்.

பேராசிரியர் மாறன், வியாழன் காலை

மூன்றாவது சொல்லை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ‘பயஸ்’ என்பதற்குக் ‘கோட்டம்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. துலாக்கோல் ஒரு பக்கம் சாயாமையை வள்ளுவர் ‘ஒருபால் கோடாமை’ என்றார். அளவைக் கருவி ஒருபால் கோடுவதுதானே நம் பேச்சு? ‘சார்பு’ கணிதத்தில் வேறொன்றுக்குப் போய்விட்டது, ‘சாய்வு’ம் அப்படியே.

செல்வி, வியாழன் பகல்

அழகான சொல் ஐயா. ஆனால் மின்வாரியத்திலும் வனத்துறையிலும் கோட்டம் என்றால் நிருவாகப் பிரிவு. ‘விளக்குப்பொறியின் கோட்டம்’ என்று படிப்பவர் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று கேட்பார்.

யோகராசா, வியாழன் மாலை

எங்கள் பாடநூல்களில் ‘பக்கச்சார்பு’ என்றிருக்கும். ஆனால் நுளம்பு யார் பக்கம் சார்ந்தது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

செல்வி, வெள்ளி பிற்பகல்

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். ‘விளக்குப்பொறி’ பழகிய சொல் என்பதால் வைத்துக்கொண்டேன். தலைப்புக்குக் கீழேயே, தூங்குபவர் இல்லாமல் பொறி வேலை செய்யாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இரண்டாவதற்கு ‘மனிதர்மேல் அமர்கொசுப் பிடிப்பு’ என்று எழுதினேன். நீளம்தான், ஆனால் இரை யார், எண்ணுவது எது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. மூன்றாவதற்குச் சொல்லே வைக்கவில்லை. வருகிற இடமெல்லாம் ‘இம்முறை எதைக் கூட்டிக் காட்டும், எதைக் குறைத்துக் காட்டும்’ என்று வாக்கியமாக்கிவிட்டேன்.

பேராசிரியர் மாறன், வெள்ளி இரவு

சொல்லைத் தேடி வந்து வாக்கியத்தோடு திரும்புவது கலைச்சொல்லாக்கம் ஆகாது. அடுத்த பதிப்பில் கோட்டத்தை மறுபடி எடுப்பேன். ‘அமர்கொசு’ வினைத்தொகை என்பதால் அங்கே வல்லினம் மிகாததும் சரியே. அதில் குறை காண முடியவில்லை.

யோகராசா, சனி காலை

இங்கே படிக்கிறவர்களுக்காக ‘அமர்நுளம்பு’ என்று ஒரு பிரதி அச்சிட முடியுமா, தங்கச்சி?